அத்தப்பூ போடும்போது கடைசி வளையத்தில் பூ தீர்ந்திருக்கிறதா?

கழக்கூட்டத்துக்காரன்
போன ஓணத்துக்கு அலுவலகத்தில் பூக்களப் போட்டி. 10 அடி குறுக்களவு. நடுவட்டத்தையும் சேர்த்து ஐந்து நிறம், எல்லாமே ஒரு அடி அகலம். திருவனந்தபுரம் சாலை சந்தையில் நிறத்துக்கு 4 கிலோ வீதம் 20 கிலோ வாங்கினேன். அகலம் ஒன்றுதானே, அளவும் ஒன்றாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

நாலாவது வளையத்தையே இழுத்துப் பிடித்துத்தான் முடித்தோம். வெளி வளையத்தில் மஞ்சள் செண்டுமல்லி முக்கால்வாசி கூட வரவில்லை. நடுவில் போட்ட வாடாமல்லியோ மூன்று கிலோவுக்கு மேல் மிச்சம். நடுவர் வர இருபது நிமிடம் இருக்கும்போது ஒரு பையன் அந்த வாடாமல்லியை அள்ளி மஞ்சள் இல்லாத இடத்தில் கொட்டிவிட்டான். நடுவர் வந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: “இதை யாரு கடிச்சது?” இன்னும் காதில் கேட்கிறது.

சரடும் சாக்பீசும்
எனக்கும் முதல் வருஷம் இதே கதை, ஆனால் தீர்ந்தது ஆரஞ்சு. அகலம் ஒன்றாக இருந்தாலும் பரப்பு ஒன்றில்லை. நடுவட்டம் ஒரு பங்கு என்றால் அடுத்தடுத்த வளையங்கள் 3, 5, 7, 9 பங்கு. மொத்தம் 25. உங்கள் வெளி வளையம் மட்டும் 28 சதுர அடி, நடுவட்டம் 3 சதுர அடிதான்.

நான் சந்தைக்குப் போகும் முன் கால் கிலோ பூவை உதிர்த்து, தரையில் ஒரு அடிச் சதுரம் வரைந்து, நான் போடும் கனத்துக்குப் பரப்பிப் பார்ப்பேன். செண்டுமல்லி எனக்குக் கிலோவுக்கு 5 சதுர அடி வரும். அந்தக் கணக்கில் உங்களுக்கு மொத்தம் 16 கிலோவே போதும். அதில் மஞ்சள் மட்டும் 6 கிலோ, நடுவுக்கு 650 கிராம். வாடாமல்லிக்கும் ஜமந்திக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், ஒரே கணக்கு ஓடாது.

நீலாம்பரி
இவ்வளவு கணக்கு எதுக்கு? வெளியே போகப் போக வளையத்தை ஒல்லியாக்கினால் எல்லா நிறத்திலும் ஒரே அளவு வாங்கலாமே. எங்கள் குடியிருப்பில் அப்படித்தான் செய்தோம்.

சரடும் சாக்பீசும்
கணக்கு சரி, ஆனால் போட்டுப் பார்த்தீர்களா? 5 அடி ஆரத்தில் ஐந்தும் சமப் பரப்பாக வர வேண்டுமென்றால் வெளி வளையம் அரை அடிதான் வரும், நடுவட்டத்தின் ஆரமே இரண்டே கால் அடி. நடுவில் ஒரு பெரிய சாப்பாட்டுத் தட்டு, சுற்றிலும் நாலு ரிப்பன். பாதி வழி போகலாம், முழுக்கப் போனால் அழகு போய்விடும்.

நீலாம்பரி
எங்களுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

கல்பாத்தி மாமி
கிலோ கணக்கில் வாங்கினதுதான் தப்பு. பாலக்காட்டில் எங்கள் சின்ன வயதில் முதல் நாளான அத்தத்தன்று தும்பையும் முக்குற்றியும் மட்டும் போட்டுச் சின்னதாக ஆரம்பிப்போம். மூன்றாம் நாளான சோதி வரும் வரைக்கும் செம்பருத்தி உள்ளே வரக்கூடாது. ஏழாம் நாள் மூலத்தன்று சதுரமாகப் போடுவோம். முக்குற்றிப்பூ நகத்தளவுகூட இருக்காது. ஒரு மணி நேரம் வரப்பில் குனிந்து பறித்தும் தேக்கிலைத் தொன்னை நிறையாமல், தம்பி அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தான். அதுதான் ஞாபகம் வருகிறது.

தோவாளைப் பூக்காரர்
மாமி சொல்வது வீட்டு முற்றத்துக்கு. இவர் கேட்டது அலுவலகக் கூடத்துக்கு.

என் கதை சின்னது. ஒரு வாடிக்கைக்காரர் முந்தின ராத்திரியே செண்டுமல்லியை உதிர்த்துப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்துவிட்டு, காலையில் எனக்குப் போன் போட்டுத் திட்டினார். பைக்குள் கையை விட்டால் சுடுகிறது, இதழெல்லாம் பழுப்பு. உதிர்த்த இதழைக் குவித்தால் புழுங்கத்தான் செய்யும். ராத்திரி உதிர்த்தே ஆக வேண்டுமென்றால் தரையில் துணி விரித்து, மெல்லிசாகப் பரப்பிவிடுங்கள். இல்லையென்றால் பூவாகவே வைத்து விடியற்காலையில் உதிருங்கள். வாடாமல்லிக்கு இந்தத் தொல்லை இல்லை, பேருக்கேற்ற பூ.

மழை நாளில் வாங்கினால் பூவை உதறிப் பார்த்து எடுங்கள், ஈரமும் எடையில் நிற்கும். போடும்போது முதலில் கோட்டின் மேல் ஓரம் கட்டிவிட்டு அப்புறம் உள்ளே நிரப்புங்கள். நடுவிலிருந்து தள்ளிக்கொண்டே வந்தால் இதழ் கோட்டைத் தாண்டி வட்டம் முட்டையாகிவிடும். இன்னொன்று, சிவப்பு அரளிக்குப் பக்கத்தில் வாடாமல்லி வேண்டாம். கூடத்து விளக்கில் இரண்டும் சேர்ந்து கறுப்பாகத் தெரியும். இடையில் நாலு விரல் அகலத்துக்காவது வெள்ளை ஜமந்தி கொடுங்கள். மின்விசிறியையும் நிறுத்துங்கள்.

கழக்கூட்டத்துக்காரன்
அரளிக்குப் பக்கத்தில் வாடாமல்லிதான் வைத்திருந்தேன். சரி, வாடாமல்லியை முழுசாக வைப்பதா, உதிர்ப்பதா?

சரடும் சாக்பீசும்
உதிர்க்கணும். அப்போதுதான் மட்டமாக உட்காரும்.

தோவாளைப் பூக்காரர்
முழுசா வையுங்க. உதிர்த்தால் பாதி காற்றில் போகும்.