கதைக்காக ஒரு சந்தேகம்: கீபோர்டு வாசிக்கிறவங்க உதவுங்க

பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கிற ஒரு அம்மா, கண் தெரியாத அவங்க பையன். அம்மா முனகுற தாலாட்டை அவன் கீபோர்டுல பிடிக்கிறதுதான் நான் எழுதுற சிறுகதை.

ரெண்டு ரெண்டா, மூணு மூணா இருக்கிற கறுப்புக் கட்டைகளைத் தடவி இடம் கண்டுபிடிக்கிறான். ரெட்டைக் கறுப்புக்கு இடப்பக்க வெள்ளைக் கட்டையில தொடங்குறான். அம்மாவோட ஸா அங்க இல்ல, அவங்க சுருதி அஞ்சு கட்டை. ஒவ்வொண்ணா அழுத்தி, முனகலோட உரசாமக் கலக்குற கட்டையைத் தேடிப் பிடிக்கிறான். இதுவரைக்கும் எனக்குத் தெளிவு.

அம்மா காந்தாரத்துல இருந்து மத்யமத்துக்கு வழுக்கிப் போறாங்க. கட்டையோ தாவுது. சின்னக் கீபோர்டுல சுருதி வளைக்கிற சக்கரமும் கிடையாது. பக்கத்துக் கட்டையை லேசாத் தொட்டு அந்த வழுக்கலைக் காட்டுவானா? கேள்வி ஞானத்துல வாசிக்கிறவங்க, முக்கியமா பார்வையற்ற நண்பர்கள், உங்க விரல் அங்க என்ன செய்யும்னு சொல்லுங்க.