தம்பி, தங்கச்சி சலுகை கழிச்சுக் கட்டியும் ஃபீஸ் ஸ்டேட்மெண்ட்ல பாக்கி 3,320: எங்கே பிசகுது?

மூணாங்கிளாஸ் அம்மா:
பெரியவன் எட்டாவது, சின்னவள் மூணாவது, ஒரே ஸ்கூல். சின்னவளுக்கு ட்யூஷன் ஃபீஸ் வருஷத்துக்கு 36,000. மூணு டேர்ம், ஒவ்வொண்ணும் 12,000. இரண்டாவது பிள்ளைக்கு ட்யூஷன் ஃபீஸ்ல 10% கழிவுன்னு சர்க்குலர்ல இருக்கு. அதனால ஜூன் 8-ல 10,800, செப்டம்பர் 10-ல 10,800 கட்டியாச்சு. கடைசித் தேதி ரெண்டு டேர்முக்கும் 10-ஆம் தேதிதான், தாண்டினா நாளுக்கு 10 ரூபாய் ஃபைன். செப்டம்பர் 10 சாயங்காலம் எடுத்த ஸ்டேட்மெண்ட்ல பாக்கி 3,320. ரெண்டு டேர்முக்கும் கழிவைப் போடலைன்னாகூட 2,400தானே வரணும்?

ரெண்டு பையன் அப்பா:
நிறைய ஸ்கூல்ல கழிவை மூணாவது டேர்ம்லதான் மொத்தமா தருவாங்க மேடம். முதல் ரெண்டு டேர்மும் முழுசா 12,000 கட்டியிருக்கணும். அப்படிப் பார்த்தா ஃபைன் போட்டது சரிதான்.

பள்ளிக் கணக்கர்:
சார் சொல்ற பழக்கம் உண்டு. ஆனா சர்க்குலர்ல "ஒவ்வொரு டேர்மிலும்"னு இருக்கா, "ஆண்டு இறுதியில்"னு இருக்கா, அதை வச்சுத்தான் முடிவு. அதை முதல்ல பாருங்க மேடம்.

3,320-ல 2,400 போனா மீதி 920. நாள் ஃபைன் 10 ரூபாய்ன்னா 92 நாள். ஜூன் 11-லேர்ந்து எண்ணுங்க: ஜூன்ல 20, ஜூலை 31, ஆகஸ்ட் 31, செப்டம்பர்ல 10. சரியா 92. மீதித் தொகை இப்படி நாள் கணக்கோட பொருந்தினா அது ஃபைன்தான், வேற தலைப்பு எதுவும் கலக்கலைன்னு எடுத்துக்கலாம்.

நடந்தது இதுதான். கழிவைப் பதிவு பண்ணாததால ஜூன்ல 1,200 குறைஞ்சதா சாஃப்ட்வேர் எடுத்துக்கிச்சு, அந்த 1,200-க்காக தினமும் ஃபைன் ஏத்திச்சு. செப்டம்பர்ல கட்டின 10,800-ல முதல்ல ஃபைன் 920, அப்புறம் பழைய பாக்கி 1,200 எடுத்துக்கிட்டு, மிச்சம் 8,680-ஐத்தான் இரண்டாவது டேர்ம்ல வரவு வச்சிருக்கும். உங்க இரண்டாவது ரசீதைப் பிரிச்சுப் பாருங்க, இந்த மூணு வரியும் இருக்கும்.

மூணாங்கிளாஸ் அம்மா:
ஆமா சார், அதே மூணு வரி. ரசீதை அப்படியே மடிச்சு ஃபைல்ல வச்சுட்டேன். சர்க்குலர்ல "ஒவ்வொரு தவணையிலும்"னுதான் இருக்கு.

திருச்சி வாசகர்:
தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி கட்டண நிர்ணயக் குழு வச்ச தொகைக்கு மேல வாங்கவே கூடாது. அந்த ஆணையைக் கேளுங்க.

பள்ளிக் கணக்கர்:
அது 36,000 சரியான்னு பார்க்கிற கேள்வி சார். இங்கே 36,000-ல தகராறு இல்லை, வரவு வச்ச முறையிலதான்.

மேடம், ஆபீஸ்ல "கழிவைப் போடுங்க"ன்னு மட்டும் கேட்டுட்டு வந்துடாதீங்க. பெரும்பாலும் இன்னைய தேதியில 3,600-ஐ மொத்தமா ஏத்திடுவாங்க. பாக்கி மைனஸ் 280-ன்னு காட்டும், பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஆனா மூணாவது டேர்ம்ல 10,800-க்கு பதிலா 11,720 கேட்கும். அந்த 920-ஐ உங்க கழிவிலேர்ந்தே எடுத்திருப்பாங்க. அதனால ரெண்டா கேளுங்க: கழிவு ஜூன் தேதியிலிருந்து டேர்ம் வாரியா 1,200, ஃபைன் 920 ரத்துன்னு தனிப் பதிவு. இதெல்லாம் முடிஞ்சதும் இரண்டாவது டேர்முக்கு 10,800 முழுசா வரவாகி, பாக்கி பூஜ்யம்னு வரணும். 8,680-ன்னு போட்ட ரசீதையும் மாத்தி வாங்குங்க. பழைய முறை வருமான வரியில 80சி-க்குக் காட்டுறவங்களுக்கு ட்யூஷன் ஃபீஸ்தான் கணக்கு, ஃபைன்னு இருக்கிறது சேராது.

வேன் ஃபீஸ் அக்கா:
எங்க பொண்ணுக்கு 10-ஆம் தேதி ராத்திரி யுபிஐ-ல கட்டினோம். ஸ்கூல் கணக்குல 12-ன்னு ஏறி 20 ரூபாய் ஃபைன். இதையும் எடுப்பாங்களா?

பள்ளிக் கணக்கர்:
யூடிஆர் எண்ணும் பேங்க்ல பணம் போன தேதியும் காட்டுங்க அக்கா. நாங்க கட்டின தேதியை எடுத்துக்குவோம். சில ஸ்கூல் பணம் வந்த தேதியைத்தான் பிடிக்கும்.

ரெண்டு பையன் அப்பா:
20 ரூபாய்க்கு யார் கியூவில நிக்கிறது!

மூணாங்கிளாஸ் அம்மா:
இன்னைக்குப் போனேன். சார் சொன்ன மாதிரியே மைனஸ் 280-ன்னு புது ஸ்டேட்மெண்ட் கொடுத்தாங்க. ஃபைன் ரத்துக்குப் பிரின்சிபல் கையெழுத்து வேணுமாம், மனு எழுதிக் கொடுத்திருக்கேன். ஒரு சந்தேகம்: பெரியவன் பத்தாவது முடிச்சு வேற ஸ்கூல் போனா, சின்னவளுக்கு இந்தக் கழிவு நின்னுடுமா?

பள்ளிக் கணக்கர்:
எங்க ஸ்கூல்ல நின்னுடும். உங்க சர்க்குலர்ல "இருவரும் பயிலும் வரை"ன்னு ஒரு வரி இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா எழுதிக் கேட்டு வச்சுக்கோங்க.