பாரசீகப் பரிந்துரைக் கடிதம், ஆங்கில மொழிபெயர்ப்பு: எதை ஏற்றுவது?

தெஹ்ரானில் முதுகலை முடித்த ஈரானியத் தோழிக்காகக் கேட்கிறேன். பிரிட்டனில் முனைவர் பட்ட உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிறாள். பேராசிரியர் பாரசீகத்தில்தான் எழுதித் தந்தார். நீதித்துறை உரிமம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலமாக்கி முத்திரை வைத்துவிட்டார். 15 மெஹர் 1403 என்ற ஈரானிய நாட்காட்டித் தேதி 6 அக்டோபர் 2024 என்று சரியாக வந்திருக்கிறது, பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறது.

சிக்கல் இதுதான்: பதிவேற்றும் இணைப்பு பேராசிரியரின் பல்கலைக்கழக மின்னஞ்சலுக்கே போகிறது, ஒரே ஒரு பிடிஎஃப்தான் ஏற்றலாம். ஆங்கிலப் பிரதியில் அவர் கையெழுத்து இல்லை. போடச் சொல்லிப் பார்த்தோம்; தன்னால் படித்துச் சரிபார்க்க முடியாததில் கையெழுத்திட மாட்டேன் என்கிறார், அது நியாயம்தான். உதவி மையத்துக்கு எழுதியதற்குப் பொதுவான பதிலே வந்தது. வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

கையெழுத்திட்ட மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் ஒரே பிடிஎஃப்பாகச் சேர்த்து அவரே ஏற்றி, யாருக்காவது ஏற்றுக்கொண்டிருக்கிறார்களா?