அனுப்புறதுக்கு முன்னாடியே "ஐயோ இது குத்தலா தெரியுமே"ன்னு பட்ட மெசேஜ் உங்களுக்கு இருந்திருக்கா?

முத்தியால்பேட்டை அக்கா

இது மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு, அதான் எழுதுறேன். தங்கச்சி வளைகாப்புக்கு அவ நாத்தனார் வரல, கால் ஒடிஞ்சு கட்டு போட்டு பண்ருட்டில படுத்திருந்தாங்க. ஆனா விசேஷம் முடிஞ்ச கையோட ஒரு முழு பலாப்பழத்த யார்கிட்டயோ கொடுத்து பஸ்ல அனுப்பி விட்டாங்க. இவளுக்கு கண்ணெல்லாம் கலங்கிடுச்சு, உடனே உக்காந்து டைப் பண்ணா. அனுப்புறதுக்கு முன்னாடி "படிச்சு பாருக்கா"ன்னு நீட்டினா. அப்படியே போடுறேன்:

"அண்ணி பலாப்பழம் வந்துச்சு. எங்களையும் ஞாபகம் வச்சு அனுப்பினதுக்கு ரொம்ப சந்தோஷம். வளைகாப்புக்கு நீங்க வராதது பரவாயில்ல, உங்க நிலைமை எங்களுக்கு தெரியாதா. நல்லா இருங்க."

எனக்கு திக்குன்னு ஆயிடுச்சு. எதிர்ல உக்காந்திருக்கறவ கண்ணுல தண்ணி, போன்ல இருக்கறது சண்டைக்கு இழுக்கற மெசேஜ். போன வாங்கி வச்சுட்டேன், ஆனா "என்னக்கா தப்பு, எல்லாம் நெஜமாதானே எழுதியிருக்கேன்"னு கேட்டா, எந்த வார்த்தைன்னு எனக்கு சொல்ல வரல. உங்களுக்கு இந்த மாதிரி பட்டிருக்கா, எத வச்சு கண்டுபிடிச்சீங்க?

கடலூர் ஓ.டி.

புள்ளிதான் காரணம், வேற ஒண்ணும் இல்ல. என் பொண்ணு காலேஜ்ல படிக்குது, நான் "சரி." ன்னு அனுப்பினா "ஏன்ப்பா கோவமா"ன்னு போன் வரும். வரிக்கு வரி புள்ளி வச்சா மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டு பேசற மாதிரி இருக்கும். தங்கச்சி மெசேஜ்ல நாலு புள்ளி இருக்கு, எல்லாத்தையும் எடுத்துட்டு கடைசில ஒரு சிரிக்கற மூஞ்சி போட சொல்லுங்க, முடிஞ்சுது.

மஞ்சக்குப்பம் வாசகி

அண்ணே, உங்க பொண்ணு சொல்றது சரிதான், ஆனா அது ஒத்த வார்த்த பதிலுக்கு. அமெரிக்காவுல பிங்காம்டன் யுனிவர்சிட்டில 126 பசங்கள வச்சு பார்த்தாங்க, 2016ல அந்தக் கட்டுரை வந்துச்சு. "சரி", "ஆமா" மாதிரி ஒத்த வார்த்த பதில்ல புள்ளி இருந்தா மனசார சொல்லலன்னு படுது, அதே பதில் கையால எழுதின துண்டுச்சீட்டுல இருந்தா அப்படி ஒரு வித்தியாசம் தெரியல. நாலு வரி மெசேஜுக்கு அத அப்படியே தூக்கி போட முடியாது. அக்கா மெசேஜ்ல புள்ளிய எடுத்துட்டு படிங்க, குத்தல் அப்படியேதான் இருக்கு.

நான் பல வருஷம் புகார் கடிதத்துக்கு பதில் எழுதற சீட்ல இருந்தவ. ஜூனியர் எழுதற டிராஃப்ட்ட வெளிய போறதுக்கு முன்னாடி படிக்கறதுதான் என் வேல. அதனால இது கண்ணுல பட்டுடும்.

மொதல்ல "எங்களையும்". அந்த உம்ம எடுத்து பாருங்க, "எங்கள ஞாபகம் வச்சு" ஆயிடும், பாதி விஷம் போயிடும். உம் இருந்தா "எல்லாரையும் கவனிச்சுட்டு கடைசில எங்க பக்கம் திரும்பினீங்க"ன்னு ஒரு அர்த்தம் கூடவே வந்து உக்காந்துக்கும். அடுத்தது "ரொம்ப சந்தோஷம்". நம்ம வீடுகள்ல இத நேர்ல எப்ப சொல்றோம்னு யோசிங்க, பாதி நேரம் கதவ சாத்திக்கிட்டு போறப்பதான். "நல்லா இருங்க"வும் அந்த வகைதான், பெரியவங்க சின்னவங்களுக்கு சொன்னா ஆசீர்வாதம், சின்னவ அண்ணிக்கு எழுதினா கைகழுவற மாதிரி. எல்லாத்துக்கும் மேல "தெரியாதா". "உங்க நிலைமை தெரியும்"னா ஆறுதல், "தெரியாதா"ன்னு கேள்வியாக்கினா "உங்கள எங்களுக்கு தெரியாதாக்கும்"னு காதுல விழும்.

தனித்தனியா பார்த்தா இதுல ஒவ்வொண்ணும் தாங்கும். ஒரே மெசேஜ்ல நாலும் ஒரே பக்கம் சாயறதாலதான் குத்துது.

எழுதினவளுக்கு இது தெரியாம போறது சகஜம், அவ காதுல அவ குரல்தான் கேக்குது. 2005ல க்ரூகர், எப்ளின்னு ரெண்டு மனோதத்துவ ஆராய்ச்சியாளர்கள், கூட இன்னும் ரெண்டு பேர் சேர்ந்து சோதன பண்ணி எழுதினாங்க. கிண்டலா இல்ல சீரியஸான்னு படிக்கறவங்க சரியா புரிஞ்சுப்பாங்கன்னு ஈமெயில் எழுதினவங்க ரொம்ப நம்பினாங்க, ஆனா படிச்சவங்க சரியா சொன்னது காசு சுண்டி போட்டு சொல்றதுக்கு கொஞ்சம்தான் மேல. அதே வரிய குரல்ல கேட்டவங்க நல்லாவே கண்டுபிடிச்சாங்க. எழுதினவங்களையே தங்களோட வரிய எதிர் தொனில சத்தமா வாசிக்க வச்சப்ப அந்த அதீத நம்பிக்கை கொறஞ்சுது.

அதத்தான் நானும் ஜூனியர்ங்கள பண்ண சொல்லுவேன். உங்களோட பேச்சுவார்த்த இல்லாத ஒருத்தர் குரல்ல, ஒரு வார்த்தய கூட மாத்தாம வாசிங்க. வாய் தடுமாறாம அந்தக் குரல்ல வாசிக்க முடிஞ்சா அந்த வரிய மாத்தணும். "எங்களையும் ஞாபகம் வச்சு" அந்தக் குரல்ல அழகா வரும். "பலாப்பழத்த ராத்திரியே அறுத்துட்டோம் அண்ணி, கொட்டைய கூட பசங்க சுட்டு தின்னுட்டாங்க"ங்கறத கோவக் குரல்ல சொல்லி பாருங்க, வராது. நடந்தத நடந்தபடி சொன்னா அதுல குத்தல் நுழைய எடம் கம்மி.

சிப்காட் ஷிப்ட் பி

எங்க செட்டுல எல்லாம் வாடா போடாதான். போன வருஷம் நண்பன் வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு பந்தல்லேர்ந்து சமையல் வரைக்கும் கூட நின்னேன். ராத்திரி அவன்கிட்டேர்ந்து மெசேஜ், "தாங்கள் எடுத்துக்கொண்ட சிரமத்திற்கு மிக்க நன்றி". அவ்ளோதான். நைட் ஷிப்ட்ல மெஷின் பக்கத்துல நின்னுக்கிட்டு அத திருப்பி திருப்பி பாக்கறேன், "தாங்கள்"னு எழுதியிருக்கான், சாம்பார் பத்தாம போச்சே அத சொல்றானா, அவங்க மாமாகிட்ட நான் சத்தம் போட்டத சொல்றானான்னு. காலைல வண்டிய நேரா அவன் வீட்டுக்கு விட்டேன். அவன் அப்பா பேர்ல எல்லாருக்கும் அனுப்ப ஒண்ணு எழுதி வச்சு அதையே எனக்கும் தட்டி விட்டிருக்கான். மத்தவங்க எல்லாம் சொந்தக்காரங்க, பெரியவங்க, அவங்களுக்கு அது சரியாத்தான் இருந்திருக்கும். எனக்கு மட்டும் "மச்சான் தேங்க்ஸ்டா"ன்னு வந்திருந்தா நான் தூங்கியிருப்பேன்.

லாஸ்பேட்டை 605008

எங்க ஹவுஸ் ஓனர் இப்படித்தான் அனுப்புவாரு. "தம்பிக்கு வாடகை தேதி எல்லாம் சொல்லணுமா என்ன"ன்னு. இதுக்கு என்ன பதில் போட்டா வாய மூடுவாருன்னு யாராவது சொல்லுங்க.

சிப்காட் ஷிப்ட் பி

ப்ரோ, அவரு வேணும்னேதான் குத்துறாரு. இங்க பேசறது குத்தணும்னு நெனைக்காமலே குத்தலா போறத பத்தி.

வில்லியனூர்

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 ராத்திரி கரைய கடந்துச்சுல்ல, அதுக்கப்புறம் எங்க தெருவுல தண்ணி, கரண்ட் இல்ல. ஒயர்மேன் தம்பி ஒருத்தர் இடுப்பு வரைக்கும் நனைஞ்சு, கைவிரல் எல்லாம் வெளுத்து சுருங்கி போய் வேல பார்த்து கரண்ட் கொடுத்தாரு. எங்க வீட்டு திண்ணைல டீ குடிச்சுட்டு இருந்தப்ப அவரு போனுக்கு எங்க தெருக்காரர் ஒருத்தர் மெசேஜ் போட்டிருக்காரு. "ஒருவழியா எங்க தெருவுக்கும் லைட் வந்துச்சு, இன்னைக்காவது வந்தீங்களே, ரொம்ப நன்றி" அப்புறம் கைதட்டற எமோஜி மூணு. தம்பி போன என்கிட்ட காட்டி, "அக்கா இவரு திட்றாரா நன்றி சொல்றாரா"ன்னு கேட்டாரு. அந்த மூஞ்சிய என்னால மறக்க முடியல. போட்டவர எனக்கு தெரியும், மனசார சொல்ற ஆளு, முந்தின நாள் அவருதான் தெருவுக்கே பால் வாங்கி வந்து கொடுத்தாரு.

இங்க படிச்சப்பறம்தான் புரியுது, "ஒருவழியா", "ஆவது" ரெண்டும் "இத்தன நேரம் ஏன் வரல"ன்னு கேக்குது. கைதட்டறது வேற. ஓ.டி. அண்ணே எமோஜி போட்டா சரியாயிடும்னு சொன்னாரே, இங்க எமோஜிதான் கூட கெடுத்துச்சு.

கடலூர் ஓ.டி.

கைதட்டறத நான் சொல்லலம்மா, சிரிக்கற மூஞ்சி சொன்னேன்.

வில்லியனூர்

அதுவும்தாண்ணே. வாய மட்டும் லேசா வளைச்சு ஒரு மூஞ்சி இருக்கே, எங்க அம்மா அத பாசமாத்தான் போடறாங்க, என் பையன் அத பார்த்தா "பாட்டிக்கு என்மேல என்ன கோவம்"னு கேக்கறான்.

நெல்லிக்குப்பம் ரிட்டயர்டு

எல்லாம் படிச்சேன். எனக்கு சொல்ற மாதிரி அனுபவம் பெருசா இல்ல, சம்பந்தி ஒருத்தர் "மகிழ்ச்சி"ன்னு ஒத்த வார்த்த அனுப்பி வீட்டுல ஒரு மாசம் பேச்சா இருந்துச்சு, அவ்வளவுதான். ஆனா ஒண்ணு சொல்றேன், நாத்தனார் விஷயத்துக்கு மெசேஜே கூடாது. கால் ஒடிஞ்சு படுத்திருக்கற மனுஷி, வேற வேல இல்லாம அந்த நாலு வரிய நூறு தடவ படிப்பாங்க. போன் பண்ணணும். அதுவும் மத்தியானம் பண்ணக்கூடாது, மருந்து சாப்ட்டு தூங்கற நேரம், காலைல பத்து பத்தரைக்கு பண்ணணும். எடுத்ததும் பழத்த பத்தி பேசக்கூடாது, மொதல்ல கால் எப்படி இருக்கு, கட்டு எப்ப பிரிக்கறாங்க, யார் சமைக்கறாங்கன்னு கேக்கணும், அப்புறம் பழம். போன் எடுக்கலன்னா வாய்ஸ் மெசேஜ் போடலாம், ஆனா சின்னதா போடணும், நீளமா போனா ஸ்பீட கூட்டி வச்சு கேப்பாங்க, அதுல பாசமா பேசினதும் அவசரமா பேசின மாதிரி ஆயிடும். வாசகி அம்மா குரல மாத்தி வாசிக்க சொல்றாங்க, நல்ல யோசனதான், ஆனா குரல்லயே பேசிட்டா அந்த வேலயே இல்லயே.

மஞ்சக்குப்பம் வாசகி

ஐயா, போன் நல்லதுதான். ஆனா அந்தம்மா எடுத்து வச்சு திருப்பி படிக்கற மாதிரி ஒண்ணு கையில இருக்கறதுக்கும் ஒரு மதிப்பு இருக்கு. அதோட தங்கச்சிக்கு போன்ல அழுகதான் வரும்னு தோணுது. இன்னொண்ணும் சொல்லிடறேன், ரெண்டு வீட்டுக்கும் ஏற்கனவே மனஸ்தாபம் இருந்தா எப்படி எழுதினாலும் தப்பாதான் படிப்பாங்க, அங்க இந்த வாசிக்கற சோதன வேலைக்காகாது, ஐயா சொன்ன மாதிரி நேர்ல போறதுதான்.

முத்தியால்பேட்டை அக்கா

மனஸ்தாபம் எதுவும் இல்லங்க. நேத்து ரெண்டு பேரும் உக்காந்து மாத்தி எழுதினோம்:

"அண்ணி, பலாப்பழம் வந்த அன்னைக்கு வீடு பூரா வாசன. ராத்திரியே அறுத்தோம், எனக்கு சுளை எடுத்து கொடுத்துட்டே உங்க தம்பி பாதிய தின்னுட்டாரு. கட்டு எப்ப பிரிக்கறாங்க? வளைகாப்புல உங்கள எதிர்பார்த்தேன் அண்ணி, நீங்க வளையல் போட்டு விடணும்னு ஆசயா இருந்துச்சு."

நெல்லிக்குப்பம் ரிட்டயர்டு

"எதிர்பார்த்தேன்" வேண்டாம்மா. வரலியேன்னு கேக்கற மாதிரி இருக்கு.

மஞ்சக்குப்பம் வாசகி

எனக்கு அப்படி படல. தனியா நின்னா குறைதான், பின்னாடியே வளையல் வருது பாருங்க, அது பாசமா மாத்திடுது. ஆனா ஐயாவுக்கு குத்துதுன்னா அந்தம்மாவுக்கும் குத்தலாம், அதயும் தள்ளிட முடியல.

வில்லியனூர்

எனக்கும் அந்த வார்த்தைல கொஞ்சம் தடுக்குது. "வளையல் போட்டு விட நீங்க இல்லாதது ஒரு மாதிரி இருந்துச்சு"ன்னு போட்டா?

முத்தியால்பேட்டை அக்கா

அவ மாத்த மாட்டேங்கறா. எதிர்பார்த்தது நெஜம், அத எழுதலன்னா அது என் மெசேஜே இல்லங்கறா. இன்னைக்கு அனுப்பறா.

பாகூர் பொண்ணு

லேட்டா வரேன், சின்ன கேள்வி. எங்க பழைய மிஸ்ஸ அக்கா கல்யாணத்துக்கு கூப்பிடணும், அவங்களுக்கு தொந்தரவு ஆகக்கூடாதுன்னு "மிஸ் உங்களுக்கு டைம் இருந்தா மட்டும் வாங்க"ன்னு எழுதி வச்சிருக்கேன். ஓகேவா?

மஞ்சக்குப்பம் வாசகி

"மட்டும்" எடுத்துடும்மா, வராட்டியும் ஒண்ணும் இல்லன்னு கதவ பாதி சாத்துது அது. தேதி, மண்டபம், பாகூர்ல எந்த ஸ்டாப்ல எறங்கணும், நீ அங்க வந்து நிப்பியான்னு எழுது. தொந்தரவு ஆகக்கூடாதுங்கற உன் அக்கறை அதுலயே அவங்களுக்கு தெரிஞ்சுடும்.