கோஸ்டிங், ரோல்ஓவர்: நாளைக்குள் சொல் வேணும்

களுவாஞ்சிக்குடி ரீச்சர்:
வெள்ளிக்கிழமை வகுப்புக்கான கையேடு நாளைக்கு அச்சுக்குப் போகுது. கீபோட்டில் தொடாத சாவி விழுகிற கோஸ்டிங்குக்குப் 'பேய்ச்சாவி' என்று போட்டிருக்கிறேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். நல்ல சொல் இருந்தால் தாருங்கள்.

அக்கரைப்பற்று:
ரீச்சர், என்ட கீபோட்டிலயும் இந்தப் பேய் இருக்கு. ஒருக்கா தட்டினா ரெண்டு எழுத்து விழுது.

கல்முனை:
நானா, அது வேற வருத்தம். சாவியின்ட தொடுகை தேஞ்சு துள்ளுது. இது தொடாத சாவி விழுறது. ரீச்சர், கரும்பலகையில ரெண்டு நிரை, ரெண்டு நிரல் கீறுங்க. மேல் நிரையில Q, W. கீழ் நிரையில A, S. Q, W, A மூண்டையும் அமத்திப் பிடிச்சா, கீழ் நிரையைச் சோதிக்கிற மின் A வழியா முதல் நிரலுக்கு ஏறும், Q வழியா மேல் நிரைக்குப் போகும், W வழியா ரெண்டாம் நிரலில இறங்கும். கீபோட் 'S அமந்திருக்கு' எண்டு நினைக்கும். ஒவ்வொரு சாவிக்கும் ஒரு இருவாயி வச்சா மின் திரும்பி ஓடாது. மலிவுக் கீபோட்டில அது இல்ல. அதனால மூண்டாவது சாவி சந்தேகமா வந்தா அதையே தள்ளி விட்டிடும். வேகமா தட்டுறவர் முந்தின விரலை எடுக்க முதலே அடுத்ததை அமத்துவார், அப்ப எழுத்து தொலையும்.

கல்லடி ஐயா:
இதற்குப் புதுச்சொல் ஏன்? நன்னூலார் சொன்ன தோன்றல், திரிதல், கெடுதல் போதும். இல்லாத எழுத்து வருவது தோன்றல். அமத்தியது விழாமல் போவது கெடுதல். திரிதலுக்கும் ஒரு கோளாறு கண்டுபிடித்தால் விகாரம் மூன்றும் நிறைந்துவிடும்.

களுவாஞ்சிக்குடி ரீச்சர்:
ஐயா, தோன்றல் என்றால் தலைமகன் என்றும் பொருள் உண்டே. 'என் கீபோட்டில் தோன்றல்' என்று பிள்ளை எழுதினால்?

மட்டக்களப்பு மாணவன்:
கேம் ஆடுறவங்களுக்கு என்னத்துக்கு இவ்வளவு? யூ.எஸ்.பி. ஆறு சாவிக்கு மேல அனுப்பாது. ஒரே நேரத்தில எத்தின சாவியைக் கீபோட் ஏற்கும் எண்ட ரோல்ஓவருக்கு 'உருட்டு' போடலாம்.

கல்முனை:
தம்பி, பாதி சரி. ஆறு எண்டது கணினி தொடங்கேக்க ஓடுற பயாஸுக்கும் விளங்குற எளிய அறிக்கை முறையின்ட கணக்கு. Shift, Ctrl போல சாவிகள் அதுக்கு வெளிய. கீபோட் தன் அறிக்கையைப் பெருசா வகுத்தா எல்லாச் சாவியும் போகும். ஆனா இருவாயி இல்லாட்டி ஆறு எங்க, மூண்டே முட்டும். பெட்டியில 'ஆன்டி கோஸ்டிங்' எண்டு கிடந்தாலும் அநேகமா W A S D பக்கத்தை மட்டும் முட்டாமப் பிரிச்சிருப்பாங்க. ரெண்டு Shift-ஐயும் பிடிச்சுக்கொண்டு THE QUICK BROWN FOX எண்டு அடிச்சுப் பார், எது விழேல்ல எண்டு தெரியும். 'உருட்டு' வேணாம், பொய் சொல்றது எண்டு எடுப்பாங்க. 'ஆறுசாவி ஏற்பு', 'முழுச்சாவி ஏற்பு' எப்படி?

களுவாஞ்சிக்குடி ரீச்சர்:
ஏற்பை எடுக்கிறேன். கோஸ்டிங்குக்குப் 'பொய்ச்சாவி'.

கல்லடி ஐயா:
பொய்ச்சாவி என்றால் கள்ளத் திறப்பு என்றுதான் படிப்பார்கள். என் எதிர்ப்பைப் பதிந்துகொள்ளுங்கள். எழுத்து கெடுவதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லையே?

அக்கரைப்பற்று:
அப்ப என்ட ரெண்டெழுத்துக்கு என்ன பேர்?