விண்ணப்பங்கள் கூடின, பதில்கள் குறைந்தன: நேர்காணலில் நான் தவறவிட்ட கேள்வி

மருதம் எழுதியது:

ப்ராடக்ட் மேனேஜர் பணிக்கான நேர்காணல் ஒன்றின் மூன்றாம் சுற்றில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வியையும், அதில் நான் எங்கே தடுக்கி விழுந்தேன் என்பதையும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். வேலை தேடுவோரையும் வேலை தரும் நிறுவனங்களையும் இணைக்கும் ஒரு செயலியை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒரே சொடுக்கில் விண்ணப்பிக்கும் வசதியைச் சோதித்துப் பார்த்ததில் விண்ணப்பங்கள் 40 சதவீதம் கூடியிருக்கின்றன. ஆனால் விண்ணப்பங்களுக்கு நிறுவனங்களிடமிருந்து பதில் வரும் விகிதம் 20 சதவீதத்திலிருந்து 13 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. இந்த வசதியை எல்லோருக்கும் திறந்துவிடுவீர்களா என்று கேட்டார்கள்.

திறந்துவிடுவேன் என்றேன். விண்ணப்ப எண்ணிக்கையே இச்செயலியின் வெற்றியை அளக்கும் முதன்மை மெட்ரிக் என்றும், பதில் விகிதத்தை ஓர் எல்லைக்குக் கீழே இறங்கவிடக்கூடாத கார்ட்ரெயில் மெட்ரிக்காக வைத்துக் கண்காணிப்பேன் என்றும் விளக்கினேன். அந்த விகிதம் எந்த அளவுக்கு இறங்கினால் வசதியைத் திரும்பப் பெறுவீர்கள் என்று நேர்காணல் செய்தவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுப்பேன் என்று சொல்லி நகரப் பார்த்தேன். அந்த இடத்திலேயே அவருடைய முகம் மாறியதைக் கவனித்தேன்.

வீட்டுக்கு வந்து தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1,000 பேர் ஆளுக்கு இரண்டு வீதம் 2,000 விண்ணப்பங்கள் அனுப்பினால், 20 சதவீதத்தில் 400 பதில்கள் கிடைக்கும். புதிய வசதியில் விண்ணப்பங்கள் 2,800 ஆகின்றன. 13 சதவீதத்தில் 364 பதில்களே வருகின்றன. வேலை தேடுபவர் செயலிக்குள் வருவது விண்ணப்பம் அனுப்புவதற்காக அன்று, பதில் பெறுவதற்காக. அவருக்குக் கிடைப்பது குறைந்துவிட்ட ஒரு மாற்றத்தை வெற்றி என்று சொல்லியிருக்கிறேன். பழைய 400 பதில்களாவது நிலைக்க வேண்டுமானால் விகிதம் ஏறத்தாழ 14.3 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. அவர் கேட்ட எல்லை கேள்விக்குள்ளேயே இருந்தது. நான்தான் வகுத்துப் பார்க்கவில்லை.

கருங்குயில்:

தங்கள் அனுபவத்தை விரிவாக எழுதியதற்கு நன்றி. என் கருத்தில், இப்படிப்பட்ட கேள்விகளுக்கு, எதை முதலில் செய்வது என்று வரிசைப்படுத்த உதவும் ரைஸ் முறையைப் பயன்படுத்தியிருந்தால் தடுமாற்றமே வந்திருக்காது. எத்தனை பேரைச் சென்றடையும், எவ்வளவு தாக்கம், அதில் நமக்கு எவ்வளவு உறுதி ஆகிய மூன்றையும் பெருக்கி, தேவைப்படும் உழைப்பால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கிறது. ஒரே சொடுக்கு வசதி, நிறுவனங்களுக்கான வடிகட்டும் வசதி ஆகிய இரண்டுக்கும் மதிப்பெண் போட்டு, எது பெரிதோ அதை முதலில் செய்வேன் என்று சொல்லியிருக்கலாம். நான் சென்ற இரண்டு நேர்காணல்களில் இதைச் சொல்லி அடுத்த சுற்றுக்குத் தேர்வானேன்.

ஆழி:

எட்டு ஆண்டுகளாக இப்பணிக்கு ஆட்களை நேர்காணல் செய்து வருகிறேன். கருங்குயில் சொல்லும் வாய்பாடு சரியானதே. ஆனால் இந்தக் கேள்வியில் அது தவறான பக்கம் சாயும். வேலை தேடுவோர் 50,000 பேரும் நிறுவனங்கள் 1,500-உம் இருக்கும் இடத்தில், சென்றடையும் எண்ணிக்கையைக் கொண்டு பெருக்கினால் நிறுவனங்களுக்கான எந்த வசதியும் பட்டியலின் அடியிலேயே கிடக்கும். அந்த 1,500 பேர் சலித்துப்போய்ப் பதிலளிப்பதை நிறுத்தினால் 50,000 பேருக்கும் செயலியால் பயனில்லை என்பதை அந்த எண் காட்டாது. அதோடு, இது எதை முதலில் செய்வது என்ற கேள்வியே அன்று. செய்து முடித்த ஒன்றை வெளியிடலாமா என்ற கேள்வி.

மருதம் அவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். தங்கள் கணக்கு சரி. ஆனால் அதற்கும் முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. 20, 13 என்ற இரண்டு எண்களும் ஒரே காலத்தில் ஓடிய இரு குழுக்களின் எண்களா, அல்லது வசதி வருவதற்கு முன்னும் பின்னும் எடுத்தவையா? இதைக் கேட்பவரை நான் உடனே குறித்துக்கொள்வேன்.

காரணத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். 1,000 பேருக்குப் புதிய வசதியைக் கொடுத்து, இன்னொரு 1,000 பேரைப் பழைய முறையிலேயே விட்டுச் சோதிக்கிறோம். இரு குழுக்களின் விண்ணப்பங்களும் அதே நிறுவனங்களின் பெட்டிக்குள்தான் போய் விழுகின்றன. அந்நிறுவனங்களுக்கு இருக்கும் நேரத்தில் மொத்தம் 800 பதில்களுக்கு மேல் எழுத முடியாது என்று வைத்துக்கொள்வோம். வந்த விண்ணப்பங்கள் 4,800. பதில்கள் அவற்றின் மீது சமமாகப் பரவினால், புதிய குழுவுக்கு ஏறத்தாழ 467-உம் பழைய குழுவுக்கு 333-உம் கிடைக்கும். அறிக்கையில் புதிய வசதி 40 சதவீதம் கூடுதல் பதில்களைப் பெற்றுத் தந்ததாகத் தெரியும். உண்மையில் ஒரு பதில்கூடக் கூடவில்லை. ஒரு குழுவுக்குப் போக வேண்டியது மற்றொரு குழுவுக்குப் போயிருக்கிறது. எல்லோருக்கும் திறந்துவிட்ட மறுநாள் அந்த ஆதாயம் காணாமல் போகும்.

ஆகவே பழைய குழுவின் விகிதத்தை அதே குழுவின் முந்தைய விகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வசதியே கிடைக்காத அவர்களுக்கும் விகிதம் இறங்கியிருந்தால், நிறுவனங்களின் பெட்டி நிரம்பி வழிகிறது என்று பொருள். ஒருவர் ஒரு நாளில் அனுப்பும் விண்ணப்பங்களுக்கு வரம்பு வைப்பது அதற்கு உதவும். புதிய குழுவில் மட்டும் இறங்கியிருந்தால், படித்துப் பார்க்காமலே பொருந்தாத வேலைகளுக்கு அனுப்புகிறார்கள் என்று பொருள். அங்கே வரம்பைவிட, தகுதி பொருந்தும் வேலைகளுக்கு மட்டும் ஒரே சொடுக்கைக் காட்டுவதே பொருத்தம். காரணம் தெரியாமல் வெளியிடுவேன் என்றாலும் வெளியிடமாட்டேன் என்றாலும் எனக்கு இரண்டும் ஒன்றே.

தென்றல்:

எனக்கும் இதே போன்ற கேள்வி வந்தது. ஐந்து வசதிகளைக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொன்னார்கள். நான் கவனமாக வரிசைப்படுத்திய பிறகு, கடைசி இரண்டையும் கைவிட்டதை அவற்றைக் கேட்ட விற்பனைக் குழுவிடம் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டார்கள். அதற்கு நான் ஆயத்தமாக இல்லை. மருதம் அவர்களை நேர்காணல் செய்தவரின் முகம் மாறியதும் இதற்காகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. வசதியைத் திரும்பப் பெற்றால் அதை உருவாக்கிய பொறியாளர்கள் வருந்துவார்களே, அவர்களை எப்படிச் சமாளிப்பீர்கள் என்பதையே எதிர்பார்த்திருப்பார்.

மருதம்:

தென்றல் அவர்களே, பொறியாளர்களைப் பற்றிய பேச்சு எங்கள் உரையாடலில் வரவே இல்லை. அவர் கேட்டது எண்ணைத்தான். ஆழி அவர்களிடம் ஓர் ஐயம். அப்படியானால் தொடக்கத்திலேயே ஆட்களைப் பிரிக்காமல், ஊர் அல்லது தொழில்பிரிவு வாரியாகப் பிரித்துச் சோதித்திருக்க வேண்டும் என்று சொன்னால் போதுமா?

ஆழி:

திசை சரி; ஆனால் அதற்கும் விலை உண்டு என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். இருபது ஊர்களைப் பத்துப் பத்தாகப் பிரித்தால் நம்மிடம் இருப்பவை இருபது அலகுகள்தாம், ஆயிரக்கணக்கான ஆட்கள் அல்லர். ஊருக்கு ஊர் இயல்பாகவே இருக்கும் வேறுபாட்டில் சிறிய மாற்றங்கள் மறைந்துவிடும். சோதனை நீண்ட நாள் ஓட வேண்டியிருக்கும். ஊர் விட்டு ஊர் விண்ணப்பிப்பவர்களால் கலப்பும் முழுவதுமாக நீங்காது. தொழில்பிரிவு வாரியாகப் பிரித்தால் இந்தக் கலப்பு குறையும் என்பது என் எண்ணம்.

கருங்குயில்:

நான் வாய்பாட்டை வேறு கேள்விக்கான இடத்தில் பொருத்திவிட்டேன் என்பதை ஏற்கிறேன். ஆனால் 45 நிமிட நேர்காணலில் இவ்வளவையும் எதிர்பார்ப்பது நியாயமா என்ற கேள்வி எனக்கு இருக்கிறது. 14.3 என்ற எல்லையைச் சொன்னவரையும் தாங்கள் நிராகரிப்பீர்களா?

ஆழி:

நிராகரிக்க மாட்டேன். ஆனால் அந்த எல்லையில் நிறுவனம் 800 விண்ணப்பங்களைக் கூடுதலாகப் படித்து அதே 400 பதில்களை எழுதுகிறது. அந்த உழைப்பை யார் கணக்கில் எடுப்பது என்று அடுத்து கேட்பேன். என்னோடு நேர்காணல் செய்பவர் ஒருவர் இதைத் தேவையற்ற கடுமை என்று கருதுகிறார். எங்களுக்குள் இது இன்னும் முடிவாகவில்லை.