புதுப்பிப்பு: படத்தில் இருந்தது முசுறு இல்லை, நெருப்பெறும்பு

கேட்டிருந்தது: "இந்தச் சிவப்பு வரிசை முசுறா, நெருப்பெறும்பா? ஓரத்தில் கறுப்பாக ஓடுவது பிள்ளையார் எறும்பா?"

உதவிய அனைவருக்கும் நன்றி. சிவப்பு, நெருப்பெறும்புதான். இடுப்பைப் பெரிதாக்கிப் பார்க்கச் சொன்ன நண்பரின் யோசனைதான் கைகொடுத்தது. முசுறுக்கு அங்கே ஒரே கணு, நெருப்பெறும்புக்கு இரண்டு. பக்கவாட்டில் நெருங்கி எடுத்த புதுப் படத்தில் இரண்டும் மணி கோத்ததுபோல் தெரிந்தன. நிறத்தை வைத்து முசுறு என்றவர் சொன்ன நீண்ட கால் அடையாளம் சரிதான். ஆனால் இவற்றுக்குக் கால் குட்டை.

எதிர்பாராத ஒன்று: பொடி எறும்புகளுக்கு நடுவே பெருந்தலையோடு பெரியவையும் போயின. வேறு இனம் என்று நினைக்க வேண்டாம், ஒரே கூட்டம்தான்.

தன் வீட்டு மரத்து இலைக்கூட்டைக் காட்டியவருக்கு: அது முசுறு. கொட்டாது, கடித்து அமிலம் பீய்ச்சும்.

கறுப்பு எறும்புகள் படத்தில் கலங்கலாக விழுந்திருப்பதால் அந்தக் கேள்வி இன்னும் நிற்கிறது.